மணி அடித்தால் எழ வேண்டுமா?

பொமோடோரோ என்றதும் பலர் செல்போனில் ஒரு ஆப்பைத் தேடுவார்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட ஓய்வு. ஆப் மணி அடிக்கும், நாம் எழுந்துபோக வேண்டும். இது அந்த முறையின் தோல்தான். உள்ளே இருப்பது ஒரு காகிதமும் பென்சிலும். அதைச் சொல்லிவிட்டுத்தான் இந்த மணி யாருக்கு உதவும், யாரைக் கெடுக்கும் என்று பேச முடியும்.

1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவருக்குப் படிப்பில் மனம் நிற்கவில்லை. பத்தே பத்து நிமிடம், நிஜமாகவே படிக்க முடியுமா என்று தன்னோடு தானே பந்தயம் கட்டினார். நேரம் பார்க்கக் கையில் கிடைத்தது தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமர். இத்தாலிய மொழியில் தக்காளி பொமோடோரோ. முறைக்கும் அதுவே பெயராகிவிட்டது. முதல் தடவையிலேயே பந்தயத்தில் ஜெயித்துவிடவில்லை என்பதை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். சுற்றின் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் 25 நிமிடத்துக்கு வந்து சேர்ந்தார். 20 முதல் 35 நிமிடம் வரை பரவாயில்லை, மிஞ்சிப்போனால் 40 என்பது அவர் கணக்கு. ஆகவே 25 என்பதில் மந்திரம் எதுவும் இல்லை.

இனி அந்தக் காகிதம். அன்றைக்குச் செய்ய வேண்டியவற்றைக் காலையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சுற்று ஆகும் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். ஏழு சுற்றுக்கு மேல் போனால் அது ஒரு வேலை அல்ல, பல வேலைகளின் மூட்டை. அவிழ்த்துப் பிரிக்க வேண்டும். ஒரு சுற்றுகூட வராத சில்லறை வேலைகளை ஒன்றாகச் சேர்த்துவிடலாம். டைமரை முறுக்கிவிட்ட பிறகு, 'கரண்ட் பில் கட்டினோமா?' என்று மனசுக்குள்ளிருந்து எழும் ஒவ்வொரு நச்சரிப்புக்கும் காகிதத்தில் ஒரு மேற்கோள் குறி. அந்த நினைப்பைப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும். வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் ஒரு சிறு கோடு. முடிந்தால் 'அரை மணியில் நானே வருகிறேன்' என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். எழுந்தே ஆக வேண்டிய நிலை வந்தால் அந்தச் சுற்று செல்லாது. 20 நிமிடம் ஓடியிருந்தாலும் கணக்கில் வராது. அரைச் சுற்று, முக்கால் சுற்று என்ற பேச்சே கிடையாது.

ஆப்களில் பெரும்பாலும் காணாமல் போவது இந்தக் குறிகள்தான். என்னைக் கேட்டால் டைமரைவிட இவற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். மூன்று நாள் காகிதத்தை எடுத்துப் பார்த்தால், தொந்தரவு செய்வது ஆபீஸ்காரர்களா, நம் மனசா என்று தெரிந்துவிடும். பலருக்கு அந்த விடை பிடிக்காது.

இந்த முறையின் பலம் முதலில் தெரிவது தொடங்கும் இடத்தில். தள்ளிப்போடும் வேலைக்கு முடிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. 25 நிமிடத்துக்குத் தெரிகிறது. இரண்டாவது, சலிப்பான வேலையில். எப்போது ஓய்வெடுப்பது என்று ஒவ்வொரு தடவையும் நம்மையே கேட்டு முடிவெடுப்பதும் ஒரு வேலைதான். அதை மணி நம் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சில மாணவர்கள் 24 நிமிடம் படித்து 6 நிமிடமும், சிலர் 12 நிமிடம் படித்து 3 நிமிடமும் ஓய்வெடுத்தார்கள். மற்றவர்கள் தோன்றியபோது எழுந்தார்கள். தோன்றியபோது எழுந்தவர்கள் நீண்ட நேரம் உட்கார்ந்தார்கள், நீண்ட ஓய்வும் எடுத்தார்கள், ஆனால் களைப்பும் கவனச்சிதறலும் அவர்களுக்குத்தான் அதிகம். அதே சமயம், முடித்த வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மணி வைத்தால் வேலை இரண்டு மடங்காகும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தக் கடைசி வரியைப் படிப்பதில்லை.

படிப்பு சரி, கதை எழுதுகிறவருக்கு? ஒரு சனிக்கிழமைக் காலையை எடுத்துக்கொள்வோம். பதிப்பகத்துக்குப் பிழைதிருத்தம் செய்பவர் ஒருவர். சொந்தமாகச் சிறுகதையும் எழுதுகிறார். காலை 6 மணிக்கு உட்காருகிறார். காகிதத்தில் இரண்டு வேலைகள்: கதை இரண்டு சுற்று, 16 பக்கப் புரூஃப் இரண்டு சுற்று.

கதையில் ஒரு அப்பா, மகளின் வளையலை அடகு வைத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அங்கேதான் நின்றது. டைமரை முறுக்கிவிட்டு முந்தைய பக்கங்களைப் படிக்கிறார். அப்பாவின் குரல், தெரு, பொழுது, வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் மறுபடி தலைக்குள் வந்து நிற்க வேண்டும். இரண்டு வரி எழுதி அடிக்கிறார். 6:19க்குத்தான் உருப்படியான முதல் வரி விழுகிறது. 6:25க்கு மணி. விதி விதிதானே, எழுகிறார். தண்ணீர் குடித்தபடி போனைப் பார்த்தால் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் தண்ணீர் லாரி தகராறு. 6:30க்குத் திரும்பி உட்கார்ந்தால் அப்பாவின் குரல் போய்விட்டது. மறுபடி முந்தைய பக்கங்கள். 6:40க்கு எழுத்து ஓட ஆரம்பிக்கிறது, 6:55க்கு மறுபடி மணி. டைமர் ஓடிய 50 நிமிடத்தில் கதை நடந்தது 21 நிமிடம்தான். கல் காய்ந்து முதல் தோசை வார்க்கும்போதே அடுப்பை அணைத்த கதை.

அடுத்து அதே மனிதர் புரூஃபை எடுக்கிறார். இங்கே படம் மாறிவிடுகிறது. முதல் வரியிலிருந்தே வேலை ஓடுகிறது. முந்தைய பக்கத்தைத் தலைக்குள் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் கண் எழுத்தைப் பார்க்காமல் சொல்லை ஊகித்துப் படிக்கத் தொடங்கும். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் ஒற்று இல்லாதது தெரியாமல் போகும். அதற்குள் மணி அடித்து எழுப்பிவிடுகிறது. எட்டு எட்டுப் பக்கமாக இரண்டு சுற்றில் வேலை முடிகிறது.

ஆக, வித்தியாசம் 'படைப்பு வேலை', 'மற்ற வேலை' என்ற பிரிவில் இல்லை. வேலையைத் தலைக்குள் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில் இருக்கிறது. அதை அளப்பது சுலபம். ஒவ்வொரு சுற்றிலும் உட்கார்ந்ததிலிருந்து முதல் உருப்படியான வரி விழும்வரை எத்தனை நிமிடம் என்று காகிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நிமிடம் என்றால் 25 பொருத்தம். ஒவ்வொரு முறையும் பத்தைத் தாண்டினால் மணி உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. மாறாக, முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே மேற்கோள் குறிகள் குவிந்தால் 25 உங்களுக்கு அதிகம். சிரில்லோவைப் போலப் பத்திலிருந்து தொடங்குவதே சரி.

படைப்பு வேலையிலும் எல்லாக் கட்டமும் ஒன்றல்ல. யோசனைகளைத் தேடும் கட்டத்தில் மணி நல்லதே செய்கிறது. ஜாக்சன் லூ, மோடூபே அகினோலா, மாலியா மேசன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பொருள்களுக்குப் புதுப் புதுப் பயன்களை யோசிக்கச் சொன்னார்கள். குறித்த இடைவெளியில் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கட்டாயமாக மாறியவர்கள், இஷ்டம்போல மாறியவர்களைவிடப் புதுமையாக யோசித்தார்கள். ஒரே தடத்தில் சுற்றிக்கொண்டிருப்பது நமக்கே தெரிவதில்லை. தெரியாததால் நாமாக மாறுவதுமில்லை. நம் எழுத்தாளர் கதைக்குத் தலைப்பு தேடும்போது, அதையும் அடுத்த கதையின் தொடக்கத்தையும் மணிக்கு மணி மாற்றி மாற்றி யோசித்தால் லாபம்தான்.

ஆனால் மணியைச் சாக்காக வைத்து எழுந்துவிடுவதில் ஆபத்தும் உண்டு. பிரையன் லூகாஸ், லோரன் நார்ட்கிரன் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் நன்றி தெரிவிக்கும் திருநாள் விருந்துக்கு என்னென்ன சமைக்கலாம் என்று பத்து நிமிடம் பட்டியல் போடச் சொன்னார்கள். இன்னும் பத்து நிமிடம் கொடுத்தால் எத்தனை வரும் என்று கேட்டபோது, குறைவாகத்தான் வரும் என்றார்கள். கொடுத்துப் பார்த்தால் அதைவிட நிறையவே வந்தது. பிந்தி வந்தவை சராசரியாக இன்னும் புதுமையாகவும் இருந்தன. சரக்கு தீர்ந்துவிட்டது என்று தோன்றும் நேரத்தில் மணியும் சேர்ந்து அடித்தால், எழுந்துபோக அதைவிட நல்ல சாக்கு வேறென்ன வேண்டும்?

நம் எழுத்தாளர் மறுவாரம் செய்யக்கூடிய மாற்றம் சின்னது. கதைக்கு 25 நிமிட மணியைக் குறைந்தபட்ச எல்லையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதுவரை எழக்கூடாது, அடிக்கும்போது கை ஓடிக்கொண்டிருந்தால் மணியை நிறுத்திவிட்டுத் தொடரலாம். கை நின்றிருந்தால் எழலாம். முதுகைக் காப்பாற்ற 90 நிமிடத்தில் இன்னொரு மணி. அதற்குக் கட்டாயம் எழ வேண்டும். சிரில்லோ இதை ஒப்புக்கொள்ள மாட்டார். மணி அடித்தால் நிறுத்து, 'இன்னும் ஐந்தே நிமிடம்' என்பது அவருக்கு ஆகாது. பரீட்சைக்குப் படிக்கிறவர் அவர் சொல்வதையே கேட்பது நல்லது.

எழும் முன் ஒரு நிமிடம் செலவழித்து, அடுத்து எழுத வேண்டியதைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று 2009இல் எழுதியவர் ஸோஃபி லெரோய். திரும்பி வந்ததும் எங்கே தொடங்குவது என்று குறித்துவிட்டுப் போனால் அந்தத் தேக்கம் குறைகிறது என்பதை 2018இல் அவரும் தெரெசா கிளோம்பும் காட்டினார்கள். ஆராய்ச்சிக்கு வெகுகாலம் முன்பே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்துவது ஹெமிங்வேயின் வழக்கம். நம்மவர் எழுதிவைக்க வேண்டியது இவ்வளவுதான்: 'அப்பா அடகு ரசீதைச் சட்டைப்பையில் வைக்கிறார். நாளைக்கு அம்மா துவைக்கப் போகிறாள்.' அடுத்த முறை உட்காரும்போது முந்தைய பக்கங்களையெல்லாம் தேடிப் படிக்க வேண்டியிருக்காது.

ஐந்து நிமிட ஓய்வில் போன் வேண்டாம். மெயில் போல மூளைக்கு வேலை வைக்கும் எதுவும் ஓய்வில் கூடாது என்பது சிரில்லோவின் விதிகளிலேயே உண்டு. எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், சும்மா இருக்கலாம். இதனால்தான் டைமரும் போனாக இருக்கக்கூடாது என்கிறேன். மணியை நிறுத்தக் கையில் எடுத்தால் தண்ணீர் லாரி தகராறு அங்கேயே காத்திருக்கும். முறுக்கிவிடும் சமையலறை டைமர் கிடைத்தால் அதுவே போதும். இல்லையென்றால் பழைய அலாரம் கடிகாரம்.