ஸ்டிக்கரில் 4000 வாட், பின்பக்கம் 40 வாட்

கணினிக்கு வாங்கும் ஸ்பீக்கர் செட்டின் முன்பக்கத்தில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும்: ‘4000 வாட் பி.எம்.பி.ஓ.’ கடைக்காரரும் “தெருவே அதிரும் சார்” என்பார். அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மின்கம்பி நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், 230 வோல்ட், 40 வாட் என்று போட்டிருக்கும். 4000 வாட் என்றால் இரண்டு வாட்டர் ஹீட்டர்கள் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். 230 வோல்ட்டில் அதற்கு 17 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும். டி.வி. பிளக்கில் செருகும் மெல்லிய ஒயர் அதைத் தாங்காது.

அப்படியானால் 4000 எங்கிருந்து வந்தது?

முதலில் நேர்மையான கணக்கைப் பார்த்துவிடலாம். ஸ்பீக்கருக்குப் போகும் மின்னழுத்தம் அலைபோல ஏறி இறங்குகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு, உச்சத்தில் 16 வோல்ட் தொடும் சீரான அலையைக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் 2 ஆம்பியர் ஓடும். ஆக 32 வாட். இதுதான் பீக். ஆனால் அலை உச்சியிலேயே நிற்பதில்லை, அடுத்த நொடித்துளியில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. முழு அலைக்கும் சராசரி எடுத்தால் 16 வாட்தான் தேறும். ஆர்.எம்.எஸ். என்று பெட்டியில் போடுவது இந்தத் தொடர் சராசரியை. சீரான அலைக்கு பீக் எப்போதும் ஆர்.எம்.எஸ்.ஸின் இரண்டு மடங்கு. அதனால் ‘பீக் 100 வாட்’ என்று போட்டிருந்தால் 50 என்று எடுத்துக்கொண்டு பேரம் பேசலாம். அதுவும் தயாரிப்பாளர் ஒழுங்காக அளந்திருந்தால்தான்.

பி.எம்.பி.ஓ.வுக்கு இப்படி ஒரு சூத்திரமே கிடையாது. எத்தனை நேரம் அளக்க வேண்டும், ஒலி எவ்வளவு சிதையலாம் என்று எந்தத் தர அமைப்பும் வரையறுக்கவில்லை. அந்த எண்ணை எட்ட ஒரு வழியைச் சொல்கிறேன். ஆம்ப்ளிஃபையருக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கப்பாசிட்டர் இருக்கும். 4700 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று 25 வோல்ட்டில் தேக்குவது சுமார் ஒன்றரை ஜூல். ஒரு ஜூலை ஒரு நொடிக்குச் செலவழித்தால் ஒரு வாட். அதே ஒன்றரை ஜூலும் ஒரு மில்லி செகண்டில் தீர்ந்துவிடும் என்று காகிதத்தில் கணக்கிட்டால் 1,500 வாட்டை நெருங்கிவிடும்! இரண்டு கப்பாசிட்டர், மூன்று ஸ்பீக்கர் என்று கூட்டிக்கொண்டே போனால் 4000 ஒன்றும் தூரமில்லை. காதுக்கு இதில் எதுவும் எட்டாது.

அமெரிக்காவில் இதுபோன்ற எண் விளையாட்டுக்கு 1974-லேயே கடிவாளம் போட்டார்கள். வீட்டு ஆம்ப்ளிஃபையர் விளம்பரத்தில் வாட் எண்ணைச் சொன்னால் தொடர் சக்தியைச் சொல்ல வேண்டும், அதோடு ஒலிச்சிதைவு எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும் என்று வணிக ஆணையம் விதி செய்தது.

அந்தச் ‘சிதைவு எவ்வளவு’ என்பதுதான் ஆர்.எம்.எஸ்.ஸிலும் ஒளிந்துகொள்ளும் இடம். ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லையைத் தாண்டி முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்போது வாட் கூடும், பாட்டு கரகரக்கும். 10 சதவீத சிதைவில் அளந்த எண், 1 சதவீதத்தில் அளந்ததைவிடச் சுமார் கால் பங்கு கூடுதலாக இருக்கும். விவரத்தாளில் டி.எச்.டி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருப்பது இந்தச் சதவீதம்தான். அது இல்லாமல் வெறும் ஆர்.எம்.எஸ். மட்டும் போட்டிருந்தால், 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வேன்.

அடாப்டரில் ஓடும் ஸ்பீக்கராக இருந்தால் சரிபார்ப்பது இன்னும் சுலபம். அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்குங்கள்: 24 வாட். அதற்கு மேல் தொடர்ந்து எதுவும் வெளியே வராது. கொஞ்சம் சூடாகவும் வீணாகும். நேரடியாகக் கரண்டில் செருகும் பெரிய ஆம்ப்ளிஃபையர்களில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அவற்றின் பின்பக்க எண்ணை, முழுச் சக்தியில் அல்லாமல், மிதமான சத்தத்தில் ஓடும்போது அளந்திருப்பார்கள். அங்கே ஆர்.எம்.எஸ். அதைவிடச் சற்று அதிகமாக இருந்தால் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. நூறு மடங்கு என்றால் சந்தேகமே வேண்டாம்.

வாட் மட்டும் சத்தத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது இன்னொரு சங்கதி. சக்தியை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு அது லேசான வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி. ஒரு வாட்டைக் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் தருகிறது என்பதை ‘சென்சிட்டிவிட்டி’ என்ற தலைப்பில் போட்டிருப்பார்கள். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால், 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்த அதே சத்தம் வரும்.