கடவுளின் காயமும் ஒரு வசைச்சொல்லும்

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகம் முதன்முதலில் அச்சேறியது 1622-இல். அதன் முதல் காட்சியிலேயே இயாகோ என்னும் வில்லன் எரிச்சலில் 'ஸ்ப்ளட்' என்கிறான். கொஞ்ச நேரத்தில் 'ஸவுண்ட்ஸ்' என்கிறான். மறு ஆண்டு ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பெருந்தொகுப்பாக வெளிவந்தன. அந்தத் தொகுப்பில் இருக்கும் ஒத்தெல்லோவில் இந்த இரண்டு சொற்களையும் காணோம். அந்த ஒரு நாடகத்தில் மட்டும் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் துடைக்கப்பட்டிருக்கின்றன.

இதற்குக் காரணமாகப் பெரும்பாலான அறிஞர்கள் காட்டுவது 1606-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தை. மேடையில் கடவுளின் பெயரையோ இயேசுவின் பெயரையோ விளையாட்டாக உச்சரித்தால் ஒவ்வொரு முறைக்கும் பத்துப் பவுன் அபராதம் என்றது அது. அன்றைக்கு அது பெரிய தொகை. அபராதத்தில் பாதி அரசருக்கு. மறுபாதி வழக்குத் தொடுத்தவருக்கு. நாடகம் பார்க்க வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் காசுக்காக வழக்குப் போடலாம் என்ற நிலை.

'ஸ்ப்ளட்' என்பதில் கடவுளின் பெயர் எங்கே இருக்கிறது? அங்கேதான் விஷயம். அது 'காட்ஸ் பிளட்', அதாவது 'கடவுளின் ரத்தத்தின்மேல் ஆணை' என்பதன் சுருக்கம். 'ஸவுண்ட்ஸ்' என்பது 'காட்ஸ் வூண்ட்ஸ்', சிலுவையில் இயேசு பட்ட காயங்களின்மேல் ஆணை. பெயரைச் சொன்னால் பாவம் என்பதால் பெயரை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் மக்கள் சொன்னார்கள். ஆங்கிலத்தில் சத்தியம் செய்வதற்கும் வசைபாடுவதற்கும் ஒரே வினைச்சொல்தான். கடவுள்மேல் வீணாக ஆணையிடுவதே அந்தச் சமூகத்தின் மிகப் பெரிய வசையாக இருந்ததன் தடம் அது.

தமிழ் வாசகருக்கு இது சற்று விநோதமாகத் தோன்றலாம். கால் இடறினால் 'முருகா' என்பதும், கெட்ட சேதி கேட்டால் 'சிவசிவா' என்பதும் நம்மிடம் புண்ணியக் கணக்கில் சேரும். பைபிளின் பத்துக் கட்டளைகளோ கடவுளின் பெயரை வீணில் சொல்லாதே என்கின்றன. ஆத்திரம் வரும்போது அந்தப் பெயர்தான் நாவில் வந்து நிற்கிறது; சொல்லவும் கூடாது. அந்த நெருக்கடியில்தான் ஆங்கிலத்தின் மழுப்பல் வசைகள் பிறந்தன.

அவை உருவாகும் விதம் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, தலையை வெட்டுவது. 'ஸவுண்ட்ஸ்' அப்படிப் பிறந்தது. 'கடவுள் இதை அழுக விடட்டும்' என்னும் பொருளில் வந்த 'காட் ராட்', முதலெழுத்தை இழந்து 'ஆட் ராட்' ஆகி, மேலும் தேய்ந்து 'டிராட்' என்றானது. இன்று அது வெறும் 'அடச்சே'.

இரண்டாவது, தலையை வைத்துக்கொண்டு வாலை மாற்றுவது. 'காட்' என்று தொடங்கிய வாய் பாதியில் திரும்பி 'காஷ்' என்றோ 'காலி' என்றோ முடிக்கும். 'ஜீசஸ்' என்பது 'ஜீ' என்று நிற்கும். 'கிரைஸ்ட்' என்பது 'கிரைக்கி' ஆகும். சாபமான 'டாம்' 'டார்ன்' ஆகும்; நரகத்தைக் குறிக்கும் 'ஹெல்' 'ஹெக்' ஆகும்.

மூன்றாவது, அதே ஒலியில் தொடங்கும் ஒரு சாதுவான சொல்லை இழுத்து வந்து நிறுத்துவது. மலத்தைக் குறிக்கும் ஆங்கில வசைக்கு வாயெடுத்தவர் குழந்தையைப் பார்த்ததும் 'ஷுகர்' என்று முடிப்பது இந்த வகை. பிரெஞ்சுக்காரர்கள் கடவுளைக் குறிக்கும் 'தியூ' இருந்த இடத்தில் நீல நிறத்தைக் குறிக்கும் 'ப்ளூ'வை வைத்தார்கள். 'பார்ப்ளூ', 'சாக்ரேப்ளூ' எல்லாம் அப்படி வந்தவை. நீலத்துக்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்லை. ஓசை ஒத்துப்போனதுதான் காரணம்.

நமது நன்னூல் சொல்லும் இடக்கரடக்கலிலிருந்து இவை விலகுவது இந்த இடத்தில்தான். 'கால் கழுவி வந்தான்' என்னும்போது நாம் பொருளைச் சுற்றிக்கொண்டு போகிறோம். அசல் சொல்லின் ஓசை அதில் துளியும் இல்லை. மழுப்பல் வசையோ ஓசையைப் பிடித்துக்கொண்டு பொருளைக் கைவிடுகிறது. கேட்பவருக்கு அசல் சொல் நினைவுக்கு வரவேண்டும். ஆனால் சொன்னவர்மேல் குற்றம் சாட்ட முடியக்கூடாது.

வாலை எப்படி மாற்றுகிறார்கள் என்பதிலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியைச் சேர்ந்த ஷிரி லெவ்-ஆரி, ரையன் மெக்கே இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் ஹீப்ரு, இந்தி, ஹங்கேரியன், கொரியன், ரஷ்யன் ஆகிய ஐந்து மொழிகளின் வசைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மற்ற சொற்களோடு ஒப்பிட்டால் வசைகளில் ய, ர, ல, வ போன்ற ஒலிகள் குறைவாக இருந்தன. பிறகு ஆங்கில மழுப்பல் வசைகளை அவற்றின் அசலோடு ஒப்பிட்டார்கள். மழுப்பலில் அதே ஒலிகள் கூடியிருந்தன. 'டாம்' என்பதில் இல்லாத ரகரம் 'டார்ன்' என்பதில் நுழைகிறது; 'காட்' என்பதில் இல்லாத லகரம் 'காலி'யில் வருகிறது. தமிழ் இலக்கணம் இடையினம் என்று பிரித்து வைத்த எழுத்துகளின் குடும்பம் இது. எல்லாச் சொல்லும் இதற்குக் கட்டுப்படாது. 'காஷ்', 'ஹெக்' இரண்டிலும் இடையின ஒலி இல்லை. ஆனால் மொத்தத்தில் சாய்வு அந்தப் பக்கம்தான்.

பொருள் புரிந்துவிடுகிறதே, பிறகு மழுப்புவதில் என்ன மரியாதை என்று கேட்கலாம். இதற்குப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை நல்ல விடை தருகிறது. ஜெஃப்ரி பவர்ஸ், கிறிஸ்டோபர் பிளேடல்-பியர்ஸ் ஆகியோரின் அந்த ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் கலந்துகொண்டவர்கள் அசல் வசைகளையும், அவற்றின் முதலெழுத்தை மட்டும் சொல்லும் நாகரிக வடிவங்களையும் உரக்கப் படித்தார்கள். அப்போது அவர்களது தோலில் வியர்வையால் ஏற்படும் மின்மாற்றம் அளக்கப்பட்டது. இரண்டும் ஒன்றையே குறித்தாலும், அசலைச் சொல்லும்போது உடல் கூடுதலாகப் பதறியது. சிறுவயதில் திட்டும் அடியும் வாங்கித் தந்தது அந்த ஓசைதான். பதற்றமும் அந்த ஓசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆகவே மழுப்பிச் சொல்பவர் பொருளை மறைப்பதில்லை. தன் கோபத்தைத் தெரிவித்துவிட்டு, அந்தப் பதற்றம் எதிரில் இருப்பவர்மேல் விழாமல் தடுக்கிறார். பிள்ளைகள் முன்னால் பேசும் பெற்றோரும், அலுவலகக் கூட்டத்தில் எரிச்சலடையும் மேலாளரும் இதைத்தான் செய்கிறார்கள்.

இந்த மறைப்புக்கும் ஆயுள் உண்டு. ஒத்தெல்லோவில் துடைக்கப்பட்ட 'ஸ்ப்ளட்', 'ஸவுண்ட்ஸ்' இரண்டுமே ஏற்கெனவே மழுப்பப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துபோனதால் மூடியதே வசையாகிவிட்டது. அதே காரணத்தால் பக்தி மிகுந்த சில கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றும் பிள்ளைகள் 'காஷ்', 'ஜீ' என்று சொல்ல அனுமதியில்லை. ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர்கள் அத்தகைய வீடுகளில் இந்தச் சொற்களைத் தவிர்ப்பது நல்லது.

'ஸவுண்ட்ஸ்' நேர்மாறான முடிவை அடைந்தது. காயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் இருப்பது ஊகார ஒலி. இன்று பலரும் 'ஸவுண்ட்ஸ்' என்று சொல்லும்போது அந்த ஊகாரம் இல்லை. அதில் காயம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பத்துப் பவுன் அபராதத்துக்கு உரியதாக இருந்த அந்த வார்த்தை, இப்போது பழங்காலப் பாத்திரங்கள் வியப்பில் சொல்லும் வேடிக்கைச் சொல்லாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.