தாழ்ப்பாள் உள்பக்கம்

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கும் தோழி, போன மாதம் ஒரு சுற்றறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுடி" என்றாள். மொத்தம் நான்கு வரி.

"தாய்ப்பால் ஊட்டும் பெண் ஊழியர்களின் நலன் கருதி முதல் தளத்தில் தனி அறை ஒதுக்கப்பட்டுள்ளது. அறையைப் பயன்படுத்த விரும்புவோர் துறைத் தலைவரிடம் முன் அனுமதி பெற வேண்டும். சாவி செக்யூரிட்டியிடம் கிடைக்கும். அறையைச் சுத்தமாக வைத்திருப்பது பயன்படுத்துவோரின் பொறுப்பு."

ஒற்றுப் பிழைகூட இல்லை. இதே வாசகம் மூன்று மாதமாக நோட்டீஸ் போர்டில் இருப்பதாகவும், இப்போது புது லெட்டர்ஹெட்டில் மாற்றிப் போடப் போவதாகவும் சொன்னாள். "ரூம் ரெஜிஸ்டர்ல இதுவரைக்கும் ஒரு கையெழுத்து இல்ல. தேவையில்லாத செலவுன்னு மேலே பேச ஆரம்பிச்சுட்டாங்க."

அங்கே கைக்குழந்தை உள்ள பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டு பேர். ஒருத்தி ஸ்டோர்ஸில் இருக்கிறாள். மதியம் கழிப்பறைக்குப் போய் வாஷ்பேசினில் பாலைப் பிழிந்து கொட்டிவிட்டு வருகிறாள். இன்னொருத்தி பேக்கிங் பிரிவு. வேலைக்குத் திரும்பிய மூன்றாவது வாரமே, "பால் வத்திப் போச்சு மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

பால் தானாக வற்றவில்லை. மார்பில் பால் தேங்கி நின்றால், இவ்வளவு தேவையில்லை போலும் என்று உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். எடுக்க எடுக்கத்தான் ஊறும். வீட்டில் குழந்தை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குடித்தது என்றால், ஆபீஸிலும் ஏறக்குறைய அதே இடைவெளியில் பாலை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் முதலில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல் மாதிரி இறுகும். பிறகு ஓரிடத்தில் கட்டி தட்டுப்படும். அந்த இடம் சிவந்து சூடேறி, காய்ச்சலும் உடம்புவலியும் சேர்ந்துவிட்டால் அது மார்பக அழற்சி. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இத்தனையும் தாண்டி வலி அடங்குகிறது என்றால், பல சமயம் சுரப்பும் அடங்கிவிட்டது என்றுதான் பொருள்.

இன்னொன்றும் உண்டு. பால் சுரந்து உள்ளே இருப்பது வேறு, அது இறங்கி வெளியே வருவது வேறு. இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும். பதற்றம் அதைத் தடுக்கும். கதவை யாரோ தட்டுவார்களோ, திறந்துவிடுவார்களோ என்ற நினைப்போடு இருபது நிமிடம் உட்கார்ந்தும் வெறும் கையோடு எழுந்து வந்த பெண்களை எனக்குத் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சுற்றறிக்கையை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு பெண் நாளுக்கு மூன்று முறை, பெரும்பாலும் ஆணாக இருக்கும் துறைத் தலைவரிடம் போய்க் கேட்க வேண்டும். பிறகு வாசலுக்கு இறங்கி செக்யூரிட்டியிடம் சாவி வாங்க வேண்டும். எதற்கு என்று அவருக்கும் தெரியும். ரெஜிஸ்டரில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். கழிப்பறைக்குப் போக யாரையும் கேட்க வேண்டாம். அவள் அங்கேதான் போவாள்.

அனுமதி என்ற சொல்லே இங்கே பொருந்தாது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டப்படி, வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் 15 மாதம் நிறையும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் இருந்தன. அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருந்தது. அதன் இடத்தில் வந்த 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடைவேளை உரிமை தொடர்கிறது. எத்தனை நிமிடம் என்பது விதிகளைப் பொறுத்தது. சுரங்கங்களுக்கான 1963-இன் மத்திய விதிகள் தலா 15 நிமிடமும், போய்வர நேரம் தனியாகவும் தந்தன. சட்டம் குழந்தை பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்ற விதி 2017-இல் சேர்ந்தது. ஆனால், தனியார் அலுவலகத்தில் பால் எடுக்க ஓர் அறை கட்டாயம் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால் அறை நிர்வாகத்தின் நல்லெண்ணம், இடைவேளை அவளுடைய உரிமை. சுற்றறிக்கை இரண்டையும் குழப்பி, உரிமையையும் சலுகை மாதிரி எழுதிவிட்டது.

தோழியோடு உட்கார்ந்து ஸ்டோர்ஸ் பெண்ணின் ஒரு நாளைக் கணக்குப் போட்டோம். காலை 7.45-க்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள், மாலை 6.15-க்குத் திரும்புகிறாள். பத்தரை மணி நேரம். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குழந்தை சராசரியாக நாளுக்கு 750 மில்லி அளவில் குடிக்கும். மணிக்கு 25 முதல் 30 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, அவள் இல்லாத நேரத்துக்கு ஏறக்குறைய 300 மில்லி வேண்டும். மூன்று தடவை, தடவைக்கு நூறு. காலை 10.30, மதியச் சாப்பாட்டு வேளை, மாலை 4 மணி. எடுக்க 20 நிமிடம். போய்வர, கழுவ என்று இன்னும் ஐந்தோ பத்தோ. மதியத்தை அவள் தன் சாப்பாட்டு நேரத்திலிருந்து கொடுக்கிறாள். நிர்வாகம் தர வேண்டியது இரண்டு அரை மணி நேரம். "இவ்வளவுதானா?" என்றாள் தோழி. இவ்வளவுதான்.

எத்தனை நாளைக்கு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 26 வார விடுப்பில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவள் திரும்பி வரும்போது குழந்தைக்கு 18 வாரம்தான். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லும் ஆறு மாதம் இன்னும் முடிந்திருக்காது. நாலு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வருகிறாள். 15 மாதம் வரை என்றால் அந்த அறை அவளுக்குப் பதினொரு மாதம் தேவைப்படலாம்.

அடுத்து அறையைப் பார்க்கப் போனோம். சுவரில் மிக்கி மவுஸ், மூலையில் தொட்டில், பிளாஸ்டிக் பூ. பஸ் நிலையங்களில் 2015-இல் திறந்த பாலூட்டும் அறைகள்தான் எல்லார் மனதிலும் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அங்கே குழந்தை தாயின் மடியில் இருக்கும். ஆபீஸ் அறையில் குழந்தையே கிடையாது. இருப்பது ஒரு பம்பும் பாட்டிலும். இதற்குத் தொட்டில் வேண்டாம். நாற்காலிக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டும், பம்பை வைக்கச் சின்ன மேஜை வேண்டும், கழுவத் தண்ணீர்க் குழாய் வேண்டும். அங்கே இருந்த ஒரே பிளக் பாயின்ட் ஏ.சி.க்குப் போயிருந்தது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். முன்பு அது ஸ்டேஷனரி வைக்கும் அறையாம்.

சுவரில் ஒட்டக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பால்பவுடர், பாட்டில் கம்பெனிகளின் போஸ்டர், காலண்டர் எதுவும் ஆகாது. அவற்றின் விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

பால் கெடுவது பற்றித்தான் பெண்கள் அதிகம் பயப்படுகிறார்கள். எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நாலு மணி நேரம் தாங்கும். சென்னையில் மே மாதத்து அறை அப்படி இருக்காது. அதனால் எடுத்த கையோடு பிரிட்ஜில் வைப்பதே சரி. அங்கே நாலு நாள் வரை இருக்கலாம். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும், பெயரும் தேதியும் எழுதி. வீட்டுக்குப் போகும்போது ஐஸ் பேக் போட்ட பை போதும். மறுநாள் பார்த்தால் மேலே ஏடு மாதிரி கொழுப்புத் திரண்டிருக்கும். பால் திரிந்துவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சுட வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பால் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். பாட்டியிடம் சங்கோ பாலாடையோ இருந்தால் பாட்டிலே தேவையில்லை.

பம்ப் வாங்க முடியாதவள் கையாலேயே எடுக்கலாம். அகல வாய்ப் பாத்திரம் இருந்தால் போதும். நிர்வாகம் ஒரு பம்ப் வாங்கி எல்லாருக்கும் பொதுவாக வைக்கிறேன் என்றால் மட்டும் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண பம்புகள் ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்கானவை. பலருக்கென்றே செய்த, மருத்துவமனைகளில் வைக்கும் வகை வேறு. அதிலும் குழாயும் கிண்ணமும் அவரவருக்குத் தனி.

அறையைச் சரிசெய்தாலும் பேக்கிங் பெண் வந்திருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம். அவளுக்கு மணிக்கு இத்தனை பெட்டி என்று டார்கெட். அரை மணி நேரம் எழுந்து போனால் லைன் முழுக்கப் பின்தங்கும், இன்சென்டிவ் மற்றவர்களுக்கும் போகும். அவளை யாரும் போகாதே என்று சொல்லவில்லை; பக்கத்து இருக்கைக்காரியின் முகமே போதும். அந்த ஒரு மணி நேரத்தை டார்கெட்டிலிருந்து கழித்து, மாற்று ஆளை அந்த நேரத்துக்கு நிறுத்தினால்தான் இடைவேளை உண்மையில் இடைவேளை. இது நோட்டீஸ் போர்டில் எழுதும் சங்கதி இல்லை. சூப்பர்வைசருக்குத் தனியாகப் போக வேண்டிய குறிப்பு.

கடைசியில் சுற்றறிக்கை இப்படி ஆனது:

"முதல் தளத்தில், படிக்கட்டை ஒட்டிய அறை தாய்ப்பால் எடுத்து வைப்பதற்கானது. உள்ளே நாற்காலி, மேஜை, பிளக் பாயின்ட், தண்ணீர், பிரிட்ஜ் உண்டு. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதியோ சாவியோ கேட்க வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, சாப்பாட்டு நேரம் போக, நாளுக்கு இரு முறை அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் சம்பளமோ இன்சென்டிவோ பிடிக்கப்படாது. அறையைக் காலையிலும் மதியத்திலும் ஹவுஸ்கீப்பிங் பெண் ஊழியர் சுத்தம் செய்வார். வேலைக்குத் திரும்பும் தேதி, ஷிப்ட், வீட்டிலிருந்து வேலை பற்றிப் பேச, விடுப்பில் போவதற்கு முன்பே மனிதவளப் பிரிவுக்கு வரவும்."

தாய்ப்பாலின் மகிமை பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று மேலே கேட்டார்களாம். வேண்டாம் என்றேன். பால் கொடுக்க முடியாமல் போன பேக்கிங் பெண்ணும் அந்தப் போர்டைத் தாண்டித்தான் தினம் போகிறாள். விடுப்புக்கு முன்பே பேசச் சொல்லும் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். திரும்பி வந்த முதல் நாள் மார்பு இறுகிய நிலையில் நோட்டீஸ் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. முடிந்தால் திரும்பும் நாளை புதன் அல்லது வியாழன் என்று வைக்கலாம். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு, வார விடுமுறையில் வீட்டில் எது சரிப்பட்டு வரவில்லை என்று யோசித்துக்கொள்வாள்.

ரெஜிஸ்டர் இல்லாமல் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எப்படித் தெரியும் என்பது நிர்வாகத்தின் அடுத்த கேள்வி. பிரிட்ஜைத் திறந்து பார்த்தால் தெரியும் என்று தோழி சொல்லியிருக்கிறாள்.

நேற்று அறையின் படம் அனுப்பினாள். தொட்டில் போய்விட்டது, மேஜை வந்துவிட்டது, பிளக் பாயின்டும் வந்துவிட்டது. கதவில் பளபளவென்று புதுத் தாழ்ப்பாள். அதையும் வெளிப்பக்கமே அடித்துவிட்டுப் போயிருக்கிறார் தச்சர். "நாளைக்கு மறுபடியும் வரச் சொல்லியிருக்கேன்" என்று கீழே எழுதியிருந்தாள்.