ஒரு சோறு போதுமா?

பானைச் சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க அம்மா ஒரு பருக்கையைத்தான் நசுக்கிப் பார்க்கிறார். ஊரைப் பற்றி அறியவும் ஒரு வீட்டைக் கேட்டால் போதுமா? போதாது. அப்படியானால் எத்தனை வீடு?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில், குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கும் வீடுகள் நூற்றுக்கு எத்தனை என்று நீங்கள் கண்டறியப் போவதாக வைத்துக்கொள்வோம். முதலில் 30 வீடுகளைக் கேட்கிறீர்கள். 12 வீடுகளில் காய்ச்சுகிறார்கள். அதாவது 40 சதவீதம். "பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் தண்ணீரைக் காய்ச்சுவதில்லை" என்று உடனே எழுதிவிடலாமா?

சற்றுப் பொறுங்கள். வேறு 30 வீடுகளைக் குலுக்கி எடுத்திருந்தால் 9 வந்திருக்கலாம், 16-ம் வந்திருக்கலாம். இந்தத் தற்செயல் ஆட்டத்தை அளக்க ஒரு வாய்பாடு உண்டு. காய்ச்சும் வீடுகளின் பின்னம் p, காய்ச்சாதவற்றின் பின்னம் q, வீடுகளின் எண்ணிக்கை n என்றால், திட்டப் பிழை = √(pq/n). இங்கே 0.4 × 0.6 / 30 = 0.008. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.09, இரு மடங்கு 0.18. ஆகவே உண்மை அளவு 22-க்கும் 58-க்கும் இடையில் இருக்கலாம். இதுவே 'நம்பிக்கை இடைவெளி'. இதேபோல் 100 முறை மாதிரி எடுத்து, ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 95 இடைவெளிகளுக்குள் உண்மை அளவு அகப்படும். நம் இடைவெளியில் 50-ம் அடங்கியிருப்பதால், "பாதிக்கு மேல்" என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை.

இனிக் கணக்கைத் திருப்பிப் போடுவோம். பிழை 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்கிறோம். அந்தப் பிழையை d என்று குறித்தால், n = 4pq/d². ஆனால் p-ஐக் கண்டுபிடிக்கத்தானே புறப்படுகிறோம்? கவலை வேண்டாம். pq-வின் மதிப்பு p = 0.5 ஆகும்போதுதான் மிக அதிகம். அதையே எடுத்துக்கொண்டால் எந்த நிலையிலும் ஏமாற மாட்டோம். 4 × 0.25 / 0.01 = 100 வீடுகள். பிழையைப் பாதியாக்கி 5 சதவீதம் ஆக்க விரும்பினால் 200 போதாது, 400 வேண்டும்!

ஆனால் பருக்கையின் இரகசியம் ஒன்றை மறக்கக்கூடாது. பானை முழுதும் ஒரேபோல் வெந்திருந்தால்தான் ஒரு சோறு பதம் சொல்லும். ஊர் அப்படிப்பட்டதல்ல. ஒரே தெருவில் 20 வீடுகளைக் கேட்டால், எல்லாரும் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடிப்பவர்களாய் இருக்கலாம்; பதிலும் ஒன்றாகவே இருக்கும். 20 வீடுகளைக் கேட்டும், நமக்குக் கிடைத்தது சில வீடுகளின் செய்திதான்.

இந்தச் சிக்கலை உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி ஆய்வு முறை எளிதாகத் தீர்த்தது. ஹெண்டர்சன், சுந்தரேசன் ஆகிய இருவரும் 1982-ல் இம்முறையை விளக்கி எழுதினார்கள். நாம் 2 என்று எடுத்துக்கொண்ட பெருக்கெண்ணை 1.96 என்று நுட்பமாக எடுத்தால் 100-க்குப் பதில் 96 கிடைக்கும். அக்கம்பக்கத்தார் ஒத்திருப்பதை ஈடுகட்ட அதை இரட்டித்தால் 192. இதை 30 கொத்துகளுக்குப் பிரித்தால் கொத்துக்கு 6.4; முழுமையாக்கினால் 7. ஆக 30 × 7 = 210 குழந்தைகள். நமக்குக் குழந்தைகளுக்குப் பதில் வீடுகள்.

கொத்துகளைத் தேர்வது எப்படி? கூடப்பாக்கம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம், குருவிநத்தம் என்று எல்லா ஊர்களையும் வரிசையாக எழுதி, வீட்டு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 9,000 என்று வைத்துக்கொண்டால், 30-ஆல் வகுக்க 300 வரும். 1 முதல் 300 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். 137 வந்தால் 137, 437, 737... என்ற வரிசை எண்கள் எந்த ஊர்களில் விழுகின்றனவோ அங்கெல்லாம் ஒரு கொத்து. பெரிய ஊருக்கு இரண்டு, மூன்று கொத்துகூடக் கிடைக்கும், அது நியாயமே. ஒவ்வொரு கொத்திலும் 7 வீடுகளைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.

இந்த 210 இரு கொம்யூன்களுக்கும் சேர்த்துத்தான். வில்லியனூருக்கும் பாகூருக்கும் தனித்தனி விடை அதே நுட்பத்தில் வேண்டுமானால் தனித்தனியே 210 எடுக்கவேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வாய்பாடு தற்செயல் பிழையை மட்டுமே அளக்கும். நடவுக் காலத்தில் காலையில் போனால், வயலுக்குப் போனவர்களின் வீடுகள் பூட்டியிருக்கும். அவற்றை விட்டுவிட்டு அடுத்த வீட்டைக் கேட்டால், உழைப்பாளர் வீடுகளே மாதிரியிலிருந்து நழுவிவிடும். மாலையில் மறுபடி போங்கள்; எத்தனை வீடுகள் கடைசிவரை கிடைக்கவில்லை என்று குறித்துவையுங்கள். "காய்ச்சுகிறோம்" என்று மரியாதைக்குச் சொல்பவர்களும் உண்டு. "இன்று காய்ச்சிய தண்ணீரைக் காட்ட முடியுமா, அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். தவறான பதில்களை ஆயிரம் வீடுகளில் வாங்கினாலும் இடைவெளி குறுகுமே தவிர, உண்மை அதற்குள் வந்துவிடாது.