குளவி கொட்டினால் நேரத்தையும் கேளுங்கள்

தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும்போது குளவிக்கூடு கலைந்து, கொட்டு வாங்கியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வாமை முற்றி பி.பி. இறங்கினால் முதல் மருந்து அட்ரீனலின். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. அந்த அவசரத்தில் யாரும் டிக்கெட்டை விரித்து எழுதுவதில்லை. கையுறைப் பெட்டி மூடியிலோ உள்ளங்கையிலோ கிறுக்கிவைப்பார்கள். அதில் குற்றமில்லை. பிறகு அதைப் பதிவாக மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஒரு கற்பனை அட்டையைப் பாருங்கள்: "பி.பி. 70/40. அட் 0.5, 10.42. மறுபடி 10.52. 96/60."

இதை அப்படியே படியெடுத்தால் இரண்டாவது ஊசிக்குப் பத்து நிமிடம் காத்திருந்ததாகத் தெரியும். ஆனால் முதல் நேரம் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தது, இரண்டாவது மொனிட்டரில். மொனிட்டர் சுவர்க் கடிகாரத்தைவிட 4 நிமிடம் முன்னே ஓடுகிறது. அப்படியானால் இரண்டாவது ஊசி 10.48க்கு, இடைவெளி ஆறே நிமிடம். 96/60 எப்போது? மொனிட்டரின் நினைவகத்தில் அந்த அளவு 10.57 என்று இருந்தால், பதிவில் 10.53. முதல் பி.பி.க்கு எங்கும் நேரம் இல்லையென்றால் "10.42க்கு முன், நேரம் குறிக்கப்படவில்லை" என்றே எழுத வேண்டும். அழகுக்காக 10.40 என்று போடுவது பொய்ப் பதிவு.

எந்தக் கடிகாரத்தை அளவுகோலாக எடுத்தார்கள், எத்தனை மணிக்கு உட்கார்ந்து எழுதினார்கள், யார் எழுதினார்கள் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். அட்டையைக் குப்பையில் போடக்கூடாது; டிக்கெட்டோடு இணைக்க வேண்டும். என் கணக்கில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

மருந்தின் அளவோடு கொடுத்த வழியும் வேண்டும். இதயம் நின்றவருக்கு அட்ரீனலின் 1 மில்லிகிராம், நாளத்தில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. நாடி இருப்பவருக்கு அதே அளவை நாளத்தில் ஏற்றினால் ஆபத்து. "அட் 1" என்று மட்டும் இருந்தால் பதுளை ஆஸ்பத்திரியில் பொறுப்பெடுக்கும் டொக்டர் எதை நம்புவார்? மாற்றி அனுப்பும் கடிதத்தில் ஒவ்வொரு ஊசிக்கும் நேரம், அளவு, வழி, அதற்குப் பின் வந்த பி.பி. என்ற நான்கும் இருக்கிறதா என்று கூடப் போகிறவர் கேட்கலாம். கொட்டிய நேரத்தைச் சொல்ல வேண்டியது நம் ஆட்கள்தான். 1990க்கு அழைத்திருந்தால் அழைத்த நேரம் ஃபோனிலேயே இருக்கும், அதை அழிக்காதீர்கள்.

பிழைத்தவர் தன் பதிவின் பிரதியை அரச வைத்தியசாலையிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரலாம். பிறருடைய மருத்துவப் பதிவென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கோரிக்கையில் "டிக்கெட்டும், அதோடு இணைத்த கிறுக்கல் தாள்களும், மொனிட்டர் அச்சுகளும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆள் இறந்துபோயிருந்தால், திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் சாட்சி சொல்லும்போதே அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்தும்படி கேட்டுவிடுங்கள்.