பாத்திரம் கழுவுமிடத்திலிருந்து மேடைக்கு

பெரிய ஓட்டல்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர் விழா நடக்கும். முகூர்த்தம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, கல்யாண வரவேற்புக்கு விடும் அதே பாங்க்வெட் ஹாலில் ஊழியர்களை விருந்தினர்களாக உட்கார வைப்பார்கள். பல ஓட்டல்களில் அன்றைக்கு மேலாளர்களே பரிமாறுவார்கள். ஆட்டம் பாட்டம், குலுக்கல் பரிசு எல்லாம் முடிந்தபின் ஜெனரல் மேனேஜர் மேடையேறி, ஆண்டின் சிறந்த ஊழியரை அறிவிப்பார். அதற்கு முன் அவர் பேசுவது மூன்று நான்கு நிமிடம் இருக்கும். அந்தப் பேச்சை எப்படி அமைப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

பெரும்பாலும் அது இப்படிப் போகும்: கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எப்போதும் சிரித்த முகம், நிறுவனத்தின் தூண். முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் ஹாலில் இந்த வரிகள் நூறு பேருக்காவது பொருந்தும். பெயரைச் சொன்ன பிறகும், ஏன் அவர் என்பது யாருக்கும் விளங்காது. ‘ஜி.எம்.முக்கு வேண்டியவர்’ என்ற முணுமுணுப்பு பின்வரிசையில் கிளம்புவது அப்போதுதான். தேர்வுக்குக் காரணம் என்ன என்பதைச் சபை தன் கண்ணால் பார்த்ததுபோல் உணரும்படி செய்வதே இந்தப் பேச்சின் வேலை.

ஓட்டலில் இது கொஞ்சம் சிரமம். வரவேற்பு மேசையில் நிற்பவரையும் உணவகத்தில் பரிமாறுபவரையும் விருந்தினர்கள் பெயர் சொல்லிப் பாராட்டி எழுதிவிட்டுப் போகிறார்கள். சலவைப் பிரிவையும், ஏசி பிளான்ட் அறையையும், கிச்சன் ஸ்டூவர்டிங் என்று சொல்லப்படும் பாத்திரம் கழுவும் பிரிவையும் எந்த விருந்தினரும் பார்ப்பதில்லை. பாராட்டுக் கடிதங்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் விருது முன்வாசலைத் தாண்டாது. தாஜ் ஓட்டல் குழுமம் 2001-இல் தொடங்கிய ஸ்டார்ஸ் என்ற பாராட்டுத் திட்டத்தில், விருந்தினர் சொல்வதோடு சக ஊழியர்கள் சொல்வதற்கும் புள்ளி உண்டு. உள்ளே வேலை செய்பவரை உள்ளே இருப்பவர்தானே அறிவார்?

ஆகவே பேச்சுக்கான பொருளை எச்.ஆர். கோப்பிலிருந்து எடுக்கக் கூடாது. துறைகளின் லாக் புக்கிலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டும் முடியும்போது என்ன நடந்தது, என்ன பழுது, யார் கவனித்தார் என்று அதில் எழுதப்பட்டிருக்கும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சென்னையில் ஓர் ஓட்டல். நானூறு பேருக்குக் கல்யாண வரவேற்பு. இரவு எட்டரைக்கு முதல் பந்தியின் தட்டுகள் கழுவும் இயந்திரத்துக்கு வருகின்றன. இந்த வகை இயந்திரத்தில் கடைசி அலசல் சுமார் 82 டிகிரி வெந்நீரில் நடக்க வேண்டும். கிருமிகளைக் கொல்வது அந்தச் சூடுதான். அந்தச் சூட்டில் வெளியே வரும் தட்டு, துடைக்காமலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். அன்று தட்டுகள் ஈரமாகவே நிற்கின்றன. தொட்டால் வெதுவெதுப்புதான். பார்வைக்குப் பளிச்சென்று இருப்பதால் பரிமாறுபவர் யாரும் சந்தேகப்பட மாட்டார். இயந்திரத்தருகே நின்றவர் வெப்பமானியைப் பார்க்கிறார், முள் அறுபதில் நிற்கிறது. இயந்திரத்தை நிறுத்துகிறார். வெளியே போன ட்ரேக்களைத் திரும்ப வாங்குகிறார். இன்ஜினியரிங்குக்குத் தகவல் சொல்லிவிட்டு, சோப்பு நீர், நல்ல நீர், குளோரின் நீர் என மூன்று தொட்டிகளில் கையால் கழுவத் தொடங்குகிறார். பாங்க்வெட் மேலாளர் வந்து சத்தம் போட்டும் இயந்திரத்தை ஓட்டச் சம்மதிக்கவில்லை. பிறகு பார்த்தால் நீரைச் சூடேற்றும் பூஸ்டரின் ஹீட்டர் எரிந்திருந்தது.

இதை மேடையில் எப்படிச் சொல்வது? நான் எழுதிக் கொடுத்தால் இப்படி எழுதுவேன்:

“எல்லாருக்கும் வணக்கம். ஒரு கல்யாண ராத்திரியைப் பத்திச் சொல்றேன். நம்ம பாங்க்வெட் டீமுக்கு ஞாபகம் இருக்கும், பந்தி நடுவுல பத்து நிமிஷம் தட்டு வரலை. அன்னைக்கு நிறைய பேருக்குக் கோபம். தட்டு ஏன் வரலைன்னா, ஒருத்தர் அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டார். தட்டு பளபளன்னுதான் இருந்தது. ஆனா சூடா இல்ல. தொட்டுப் பார்த்தவருக்கு அது தெரிஞ்சது. மெஷினை நிறுத்தினார். மேலே இருக்கறவங்க சொல்லியும் திரும்ப ஓட்டல. ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் அவரும் அவர் கூட இருந்த ரெண்டு பேரும் கையாலயே கழுவினாங்க. வந்த நானூறு பேர்ல ஒருத்தருக்கும் இது தெரியாது. தெரியாம இருந்ததுதான் அவர் செஞ்ச வேலை. அடுத்த நாள் லாக் புக்ல ஒரே வரி எழுதியிருந்தார்: ‘ரின்ஸ் சூடு இல்லை, மெஷின் நிறுத்தம்.’ அந்த வரியை எழுதினவர் நம்ம ஸ்டூவர்டிங்ல இருக்கார்...”

அடுத்து பெயர். இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. ‘ஸ்டூவர்டிங்’ என்ற சொல் விழும்போதே அவருடைய மேசையில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும், பெயர் வருமுன்பே கைதட்டல் தொடங்கிவிடும்.

பேச்சில் விடப்பட்டவற்றையும் கவனியுங்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்பது இல்லை. விருந்தினர் விவரத்தை மேடையில் சொல்வது ஓட்டல் ஒழுங்குக்கு விரோதம். சத்தம் போட்ட மேலாளர் யார் என்பது இல்லை. பாராட்டும் இடத்தில் இன்னொருவரைத் தலைகுனிய வைக்கலாகாது. கூடக் கழுவிய இருவரை விடவில்லை. அவர்களை விட்டிருந்தால் பேச்சு பொய்யாகியிருக்கும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொரு வகைப் பாராட்டு. ‘காய்ச்சலோடு வந்தார், ஒருநாள் லீவு போடவில்லை, டபுள் ஷிஃப்ட் பார்த்தார்’ என்று பெருமையோடு சொல்கிறார்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ளவர் உணவைத் தொடக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. அதை மீறியதற்கு மேடையில் விருது கொடுத்தால், அடுத்த முறை உடம்பு சரியில்லாத சமையல்காரர் வீட்டில் இருக்கத் தயங்குவார். டபுள் ஷிஃப்டோ, ஆள் போதவில்லை என்பதற்கான சாட்சி. அதை ஊழியரின் தியாகமாக்கிப் பேசுவது நியாயமில்லை.

மொழி இன்னொரு சிக்கல். ஜெனரல் மேனேஜர் பல நேரம் வெளி மாநிலத்துக்காரர், ஆங்கிலத்தில் பேசுவார். தன்னைப் பற்றிச் சொல்லப்படுவது புரியாமல் விருதாளர் மேடையில் கைகட்டி நிற்பதைப் பார்க்கச் சகிக்காது. தமிழ் தெரியாதவர் என்றால் அந்தச் சம்பவத்தை மட்டுமாவது துறைத் தலைவர் தமிழில் சொல்லட்டும். விருதாளர் நேபாளியோ ஒடியாவோ பேசுபவராக இருந்தால் அந்த மொழி தெரிந்த சக ஊழியரைப் பேசச் சொல்லலாம். பெயரையும் முன்கூட்டியே உச்சரித்துப் பழக வேண்டும். சட்டையில் குத்தும் பேட்ஜில் சுருக்கிய பெயர்தான் இருக்கும். மேடையில் வீட்டார் வைத்த முழுப்பெயர் ஒலிக்கட்டும். கீழே மனைவியோ தாயோ உட்கார்ந்திருக்கலாம். அவர்களை அழைத்து வரவும், அன்றைய ரோஸ்டரில் விருதாளருக்கு இரவு ஷிஃப்ட் விழாமல் பார்க்கவும் எச்.ஆருக்கு ஒரு வாரம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பெயரைச் சொன்னதும் மைக்கை அவர் வாயருகே நீட்டிப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். விருப்பமிருந்தால் பேசுவார்.

ஓட்டல் ஒருநாளும் மூடுவதில்லை. விழா நடக்கும் நேரத்திலும் வாசலில் செக்யூரிட்டியும் அடுப்படியில் ஆளும் உண்டு. அவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்கள். மறுநாள் காலை ஷிஃப்ட் பிரீஃபிங்கில் அதே பேச்சை அவர்களுக்கும் முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். விருதாளர் அன்று டியூட்டியில் இருந்தால், அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வாசிக்கலாம்.