ஆவிக்கு ஓரம் கிடையாது

"தம்பி, இது நேத்து வெச்ச ரசம் மாதிரி இருக்கே" என்றார் மெஸ் அண்ணாச்சி. மெனு கார்டுக்காக நான் எடுத்துப்போன முதல் அச்சு அவர் கையில் இருந்தது. கண்ணாடி டம்ளரில் ரசம், பக்கத்தில் ஒரு கிண்ணம் சாம்பார் வடை. படம் எடுத்த நேரத்தில் ரசம் செம்பொன் நிறத்தில் ஒளி ஊடுருவ நின்றது, மேலே ஆவி பறந்தது. பின்னால் இருந்த வெள்ளைச் சுவரை நீக்கி அரக்குச் சிவப்பின் மேல் வைத்ததும் ஆவி பஞ்சுப் பொதியாகிவிட்டது, ரசம் வெளிறிவிட்டது, சாம்பார் வழிந்த இடத்தில் வெள்ளைக் கோடு ஓடியது. அண்ணாச்சி சொன்னது சரிதான்.

பின்னணியை வெட்டும்போது படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, இது பொருளா, பின்னணியா என்று கேட்கிறோம். வடைக்கு அந்தக் கேள்வி போதும். ரசத்தின் நடுவில் உள்ள புள்ளியோ இரண்டுமாக இருக்கிறது. ரசத்தின் நிறத்தோடு அதன் வழியாக வந்த சுவரின் வெளிச்சமும் அதில் கலந்திருக்கிறது. அந்தப் புள்ளியை அப்படியே எடுத்து வைத்தால் சுவரும் கூடவே வந்துவிடும். அதனால், பின்னணி எத்தனை பங்கு ஊடுருவி வருகிறது என்று கணக்கிட்டாக வேண்டும்.

ஒரே படத்தை வைத்துக்கொண்டு இதை உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு படம் இருந்தால் முடியும். ஆல்வி ரே ஸ்மித், ஜேம்ஸ் பிளின் என்ற இருவர் 1996-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். பொருளை அசைக்காமல், ஒருமுறை வெள்ளைப் பின்னணியிலும் ஒருமுறை கறுப்பிலும் எடுக்க வேண்டும்.

அண்ணாச்சியின் ரசத்தையே எடுத்துக்கொள்வோம். வெறும் கறுப்பின் வெளிச்சம் 0, வெறும் வெள்ளையின் வெளிச்சம் 100 என்று வையுங்கள். டம்ளரின் நடுவில் ஒரு புள்ளி, பின்னால் வெள்ளை அட்டை இருக்கும்போது 80 காட்டுகிறது. கறுப்புத் துணி இருக்கும்போது 30. பின்னணி 100 மாறியபோது புள்ளி 50 மாறியிருக்கிறது. ஆக, பின்னணியில் பாதி ரசத்தைத் தாண்டி வருகிறது. கறுப்பின் மேல் தெரிந்த 30 ரசத்தின் சொந்த வெளிச்சம். மெனு கார்டின் அரக்கு நிறம் 20 என்றால், அதில் பாதியான 10-ஐ 30-உடன் சேர்த்து 40 வர வேண்டும். வெள்ளைச் சுவரின் முன் எடுத்த 80-ஐயே வெட்டி ஒட்டியதால்தான் என் முதல் ரசம் வெளிறிக் கிடந்தது.

ஃபோட்டோஷாப்பில் இந்தக் கணக்கைக் கையால் போட வேண்டியதில்லை. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலே உள்ளதை Difference முறைக்கு மாற்றினால், ஊடுருவும் இடம் வெளிச்சமாகவும் ஊடுருவாத இடம் இருட்டாகவும் தெரியும். அதை Invert செய்து, கறுப்பின் மேல் எடுத்த படத்துக்கு மாஸ்க்காகப் போட வேண்டும். இதோடு நிறுத்தினால் ரசம் இருண்டுவிடும், ஏனென்றால் மாஸ்க் அந்த 30-ஐயும் பாதியாக்கி 15 ஆக்கிவிடுகிறது. மாஸ்க்கை லேயரோடு நிரந்தரமாகச் சேர்த்துவிட்டு, Layer > Matting > Remove Black Matte கொடுத்தால் இழந்த வெளிச்சம் திரும்புகிறது. பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, முறையே சரியில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

ட்ரைபாட் கட்டாயம். வெளிச்ச அளவும் வெள்ளைச் சமநிலையும் தானியங்கியில் இருந்தால், அட்டை மாறியவுடன் கேமராவும் தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். இரண்டையும் கையால் பூட்டிவிட வேண்டும். டம்ளர் மயிரிழை நகர்ந்திருந்தாலும் விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரியும். அப்போது மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை. ரசத்துக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. மிளகுத் தூளும் பருப்புத் தண்ணீரும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், முதல் படத்தில் கலங்கலாக இருந்த இடம் இரண்டாவதில் தெளிந்துவிடுகிறது. அதனால் நான் தெளியவிட்டு, ஆறிய பிறகே எடுக்கிறேன். கொத்தமல்லியைக் கடைசியில் போடுவேன்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ரசம் நிறைந்த டம்ளர் ஒரு லென்ஸ். பின்னால் இருப்பதை வளைத்துக் காட்டும். மாஸ்க்குக்கு வளைக்கத் தெரியாது. மெனு கார்டின் பின்னணி ஒரே நிறமாக இருந்தால் யாருக்கும் தெரியாது. கோலமோ கட்டமோ இருந்தால், டம்ளருக்குள் கோடுகள் நேராக ஓடிப் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆறிய ரசத்தில் ஆவி ஏது? அதைத் தனியாக எடுக்க வேண்டும். ஆவி ஒரு கணமும் நிற்பதில்லை, ஆகவே இரண்டு படக் கணக்கு அதனிடம் செல்லாது. நம் கண்ணுக்குத் தெரியும் ஆவி என்பது ஒளியைச் சிதறடிக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். இருட்டின் முன்னால் அவை வெளிச்சமாகத் தெரிகின்றன; வெள்ளைச் சுவரின் முன்னால் அநேகமாகக் காணாமலே போகின்றன. டம்ளர் இருந்த அதே இடத்தில் கொதிநீர் வைத்து, பின்னால் கறுப்பு வெல்வெட் தொங்கவிட்டு, பின்பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டுங்கள். விளக்கொளி துணியில் விழக் கூடாது. 20, 30 படம் எடுத்தால் நல்ல சுருள் ஒன்று சிக்கும்.

அந்தப் படத்தை ரசத்தின் மேல் வைத்து Screen முறைக்கு மாற்றினால் கறுப்பு மறைந்து ஆவி மட்டும் நிற்கும். வெல்வெட்டும் முழுக் கறுப்பாக வருவதில்லை என்பதால், Levels-ல் கறுப்பு முனையை உள்ளே தள்ளிப் பின்னணியைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மெனு கார்டில் ஆவியைச் சுற்றி மங்கலான பெட்டி ஒன்று விழும். திரையில் அது தெரியாமல் அச்சில் தெரிந்த அனுபவம் எனக்கு உண்டு. மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டு இருட்டுப் பகுதிகளைத் தூக்கிப் பார்த்தால் பெட்டி உடனே வெளிப்படும். கறுப்பு முனையை அளவுக்கு மீறித் தள்ளினால் சுருளின் மெல்லிய வால்கள் அறுந்துபோகும். பஞ்சு பிறப்பது அங்கேதான். வெள்ளை மெனு கார்டில் ஆவி வேண்டும் என்று கேட்பவரிடம், டம்ளருக்குப் பின்னால் அடர்நிறப் பட்டை ஒன்று வைக்கச் சம்மதம் வாங்கிவிடுவேன். வேறு வழி கிடையாது.

சாம்பார் கிண்ணத்தில் சிக்கல் வேறு மாதிரி. விளிம்பைத் தாண்டி வழிந்த துளியில் எண்ணெய் மினுங்குகிறது. அந்த மினுக்கு வெள்ளைச் சுவரின் நிறத்திலேயே இருப்பதால், தானாகத் தேர்வு செய்யும் கருவி அதைச் சுவர் என்று நினைத்துக் கடித்துவிடுகிறது. துளி பளபளப்பை இழந்து காய்ந்த கறை போல் ஆகிறது. அந்த இடத்தில் மட்டும் பென் டூலால் கோட்டைக் கையால் இழுத்து மினுக்கை உள்ளே சேர்ப்பேன். மற்ற ஓரங்களில் மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கி, அரை பிக்சல் மென்மை கொடுத்தால் வெள்ளைக் கோடு பெரும்பாலும் போய்விடும். மிச்சம் இருந்தால், உள்பக்கத்துச் சாம்பாரின் நிறத்தை எடுத்து, பிரஷ்ஷை Darken முறையில் வைத்து ஓரத்தில் தடவலாம். கிண்ணத்துக்குள் சாம்பார் முடிந்து மஞ்சள் எண்ணெய் வெள்ளைப் பீங்கானில் கரையும் இடத்தை மட்டும் வெட்டவே மாட்டேன். அங்கே கிண்ணமும் உணவின் பாகம்.

வேலை முடிந்ததும் கறுப்பு, வெள்ளை, நடுச் சாம்பல், கடைசியாக மெனு கார்டின் அரக்கு என நான்கின் மேலும் வைத்துப் பார்ப்பேன். ஒன்றில் ஒளிந்த கோடு இன்னொன்றில் தெரிந்துவிடும். அச்சகத்துக்கு PSD ஆகவே அனுப்புகிறேன். PNG கோப்பு ஒளி ஊடுருவும் பங்கைச் சுமக்கும், ஆனால் Screen என்ற கட்டளையைச் சுமக்காது. JPEG இரண்டையும் சுமக்காது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் JPEG ஆகிவிடும் என்பதால் டாக்குமென்டாகத்தான் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது அச்சை அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கும் போலிருக்கே" என்றார்.